அரச காணியும் குடியிருப்போனின் எதிர்வாதமும்

1979 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க அரச காணிகள் (உடைமை மீளப்பெறுதல்) சட்டப்படி, வெளியேறுமாறு கோரும் அறிவித்தல் குறைந்தது 30 நாள் அவகாசம் தருதல் வேண்டும். வெளியேறாதவனை நீதவான் அழைத்துக் காரணம் கேட்பார்.

தந்தையும் பாட்டனும் திருத்திய காணி என ஒருவன் கூறுவதாகக் கொள்வோம். அது எதிர்வாதமாகாது. வலுவிலுள்ள, எழுத்திலான அரச அனுமதியை அவன் காட்டல் வேண்டும். அதிகாரியிடம் சான்று கோர நீதவானுக்கு அதிகாரமில்லை. வெளியேற்றக் கட்டளைக்கு எதிராக மேன்முறையீடும் இல்லை. உழைப்பு சாட்சியமாகாது; கடதாசியே சாட்சியமாகின்றது.

எனினும் இரு பாதுகாப்புகள் எஞ்சுகின்றன. அதிகாரி சட்டவரம்பை மீறின், மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை கோரலாம். காணி தனதென்போன் கட்டளைத் திகதியிலிருந்து 6 மாதங்களுக்குள் அரசுக்கெதிராக உரித்து வழக்கிடலாம். வென்றால் நட்டஈடும் உண்டு. ஆனால், வழக்கு முடியுமுன் குடிசை அகற்றப்பட்டுவிடலாம் என்பதை நாம் மறத்தலாகாது.