காற்றிலிருந்து திரவத்துக்கு: நடுச்செவி எலும்புகளின் வேலை

செவிப்பறைக்கு வெளியே இருப்பது காற்று. உட்செவிக்குள் இருப்பது திரவம். காற்றில் வரும் ஒலி நேராக ஒரு நீர்ப்பரப்பில் மோதினால் அதன் ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் உள்ளே போகும், மற்றதெல்லாம் திரும்பிவிடும். குளத்தில் மூழ்கியிருப்பவருக்குக் கரையில் நிற்பவரின் பேச்சு சரியாகக் கேட்காதது இதனால்தான். டெசிபல் கணக்கில் இந்த இழப்பு ஏறத்தாழ 30. அதை ஈடுகட்டத்தான் நடுச்செவியில் மூன்று சிற்றெலும்புகள் இருக்கின்றன.

செவிப்பறை உட்பக்கமாகச் சற்றுக் குவிந்த மெல்லிய சவ்வு. அதன் உட்புறத்தில் சுத்தி எலும்பின் கைப்பிடி ஒட்டியிருக்கிறது. சுத்தியின் தலை பட்டடை எலும்போடும், பட்டடையின் நீண்ட முனை அங்கவடி எலும்போடும் இணைந்திருக்கின்றன. உடலிலேயே மிகச் சிறிய எலும்பான அங்கவடியின் உயரம் 3 மில்லிமீட்டர் அளவே. அதன் அடித்தட்டு உட்செவியின் வாசலான நீள்வட்டப் பலகணியில், வளையம் போன்ற ஒரு நாரால் பிடிக்கப்பட்டு அமர்ந்திருக்கிறது. ஒலி அழுத்தம் செவிப்பறையை உள்ளே தள்ளும்போது கைப்பிடியும் உள்ளே போகிறது, பட்டடை அந்த அசைவை வாங்கி அங்கவடியைத் தள்ளுகிறது. அழுத்தம் குறைந்ததும் எல்லாம் பின்வாங்கும். சாதாரணப் பேச்சில் இந்த அசைவு ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட எட்டுவதில்லை.

இழப்பு எப்படி ஈடாகிறது என்பதற்குக் கணக்கு எளிது. செவிப்பறையில் அதிரும் பகுதியின் பரப்பு சுமார் 55 சதுர மில்லிமீட்டர், அங்கவடி அடித்தட்டின் பரப்பு சுமார் 3.2. பெரிய பரப்பு வாங்கிய விசை சிறிய பரப்பின்மேல் குவிவதால் அழுத்தம் ஏறக்குறைய 17 மடங்காகிறது. சுத்தியின் கைப்பிடி பட்டடையின் முனையைவிட நீளமானது என்பதால் நெம்புகோல் முறையில் இன்னும் 1.3 மடங்கு சேர்கிறது. இரண்டையும் பெருக்கினால் 22 மடங்கு, அதாவது சுமார் 27 டெசிபல். இழந்த 30இல் பெரும்பகுதி திரும்பிவிட்டது. ஆனால் இது கணக்கில் வரும் உச்ச அளவு. உண்மையான காதில் ஆதாயம் இதைவிடக் குறைவு, எல்லா அதிர்வெண்ணிலும் ஒரே அளவாகவும் இராது. இன்னொன்றையும் முதலாண்டு மாணவர் குழப்பிக்கொள்ளக் கூடாது: கூடுவது அழுத்தம்தான், ஆற்றல் அல்ல. எலும்புகள் புதிதாக எந்த ஆற்றலையும் உண்டாக்குவதில்லை.

நீள்வட்டப் பலகணிக்கு அப்பால் நத்தைக்கூடு போலச் சுருண்ட காக்லியா. அதன் சுவர் எலும்பு, உள்ளே இருக்கும் திரவமோ அமுங்காதது. அப்படியானால் அங்கவடி எப்படி உள்ளே போக முடியும்? வட்டப் பலகணி என்ற இன்னொரு திறப்பை மெல்லிய சவ்வு ஒன்று மூடியிருக்கிறது. அங்கவடி உள்ளே அழுத்தும் அதே கணத்தில் இந்தச் சவ்வு வெளியே புடைக்கிறது. இந்த இடம் இருப்பதால்தான் திரவம் அசைகிறது. அந்த அசைவு, காக்லியாவின் நீளத்துக்கும் ஓடும் அடித்தளச் சவ்வில் அலையாகப் பரவுகிறது. வாசலருகே சவ்வு குறுகலாகவும் விறைப்பாகவும் இருப்பதால் கீச்சுக்குரல்கள் அங்கே உச்சம் கொள்கின்றன, கனத்த ஒலிகள் அகன்று தளர்ந்த உள்முனை வரை போகின்றன. இதைக் கண்டறிந்ததற்காக கியோர்க் வான் பெக்கேசி 1961இல் நோபல் பரிசு பெற்றார். சவ்வின்மேல் உள்ள மயிர்ச்செல்கள் இந்த அசைவை நரம்புக் குறிப்பாக மாற்றுகின்றன.

இந்தத் தொடரில் ஓரிடம் இறுகினால் என்ன ஆகும் என்பதை ஓட்டோஸ்கிளீரோசிஸ் என்ற நோய் காட்டுகிறது. அங்கவடியின் அடித்தட்டைச் சுற்றிப் புதிய எலும்பு வளர்ந்து அதை வாசலோடு இறுக்கிவிடுகிறது. மருத்துவர் செவிப்பறையைப் பார்த்தால் பெரும்பாலும் குறை எதுவும் தெரியாது. ஆனால் கேட்கும் திறன் மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே வரும். இங்கே ஓர் இசைக்கவை உதவுகிறது. 512 ஹெர்ட்ஸ் கவையைத் தட்டி, அதன் அடியைக் காதுக்குப் பின்னால் புடைத்திருக்கும் எலும்பில் வைப்பார்கள். ஒலி கேட்பது நின்றதும் கவையைக் காதுத் துளைக்கு எதிரே பிடிப்பார்கள். நல்ல காதுக்கு அது மீண்டும் கேட்கும், ஏனெனில் செவிப்பறை வழியே வரும் பாதை எலும்பு வழியைவிடத் திறமானது. அங்கவடி இறுகியவருக்குக் கேட்காது. மண்டையோட்டின் அதிர்வு சிற்றெலும்புகளை அவ்வளவாக நம்பாமல் காக்லியாவின் திரவத்தை நேரே அசைத்துவிடுகிறது, காற்றில் வந்த ஒலியோ வாசலில் நின்றுவிடுகிறது. ரின்னே சோதனை எனப்படும் இது, கடத்துவதில் உள்ள குறையைப் பிரித்துக் காட்டுகிறது.

1956இல் அமெரிக்க மருத்துவர் ஜான் ஷே, இறுகிய அங்கவடியை எடுத்துவிட்டு டெஃப்ளானால் ஆன செயற்கைத் துண்டைப் பொருத்தினார். இன்று அடித்தட்டில் சிறு துளையிட்டு, பட்டடையிலிருந்து தொங்கும் ஒரு நுண் பிஸ்டனை அதில் இறக்குகிறார்கள். காக்லியாவின் மயிர்ச்செல்கள் அழிந்ததால் கேட்காமல் போனவருக்கு இந்த அறுவைச் சிகிச்சை பயன்படாது.