தளபாடம்: கப்பலேற்றுவதா, கடையை விரிப்பதா?

வவுனியாவில் தளபாடத் தொழிற்சாலை நடத்தும் ஹாஜியார் ஒருவர் போன மாதம் என்னை அழைத்தார். நாற்பது பேருக்கு மேல் வேலை செய்யும் இடம். மாதம் ஒரு கோடி ரூபா அளவில் விற்பனை. ஐரோப்பாவிலிருந்து ஒரு கொள்வனவாளர் நாற்காலி கேட்டு எழுதியிருக்கிறார். அதே வேளை, கிளிநொச்சியில் ஏ-9 வீதியோரம் ஒரு கட்டடம் வாடகைக்கு வருகிறது. "தம்பி, இரண்டுக்கும் என்னிடம் காசு இல்லை. எதைச் செய்வது என்று ஒரு தாளில் எழுதித் தாருங்கள்" என்றார்.

அந்த ஒரு தாளைத்தான் நிறைவேற்றுச் சுருக்கம் என்கிறார்கள். முடிவு முதல் வரியில் இருக்க வேண்டும். காரணம் அதன் கீழே, முடிவை மாற்றக்கூடிய நிபந்தனைகள் கடைசியில். நான் எழுதிய முதல் வரி இது: "இப்போதைக்கு உள்நாடு. ஏற்றுமதிக்கு மூன்று நிபந்தனைகள் நிறைவேறிய பின் சிறிய அளவில்." ஏன் அப்படி எழுதினேன் என்பதை வாசகர்களுக்கும் சொல்கிறேன். எண்களை மட்டும் உருண்டையாக மாற்றியிருக்கிறேன்.

மரம் சொல்லும் கதை

வன்னியின் வெயிலில் காய்ந்த பலகையில் 14 வீதம் ஈரம் இருப்பது வழமை. நமது வீடுகளுக்கு அது போதும். குளிர்காலத்தில் சூடேற்றிய ஐரோப்பிய வீட்டுக்குள் அதே பலகை 7 வீதம் வரை உலர்ந்துவிடும். ஈரம் ஒரு வீதம் இறங்கினால் தேக்குப் பலகை அகலத்தில் சுமார் 0.2 வீதம் சுருங்கும். 900 மில்லிமீற்றர் அகல மேசையில் அது 12 மில்லிமீற்றர் வரை போகும். மேற்பலகையைச் சட்டத்தோடு பசை போட்டு இறுக்கியிருந்தால் அது நடுவே வெடிக்கும். நாற்காலியில் பொருத்துகள் தளர்ந்து கால் ஆடும். இங்கிருந்து போகும்போது எந்தக் குறையும் தெரியாது. முதல் குளிர்காலத்தில்தான் கடிதம் வரும்.

இதற்கு மருந்து சூட்டு உலர்த்தி. ஹாஜியாரிடம் அது இல்லை. ஈரமானி ஒன்று இருந்தது, மின்கலம் இல்லாமல். புதிய மின்கலம் போட்டுக் களஞ்சியத்தில் இருபது பலகைகளை அளந்தோம். ஒரே அடுக்கிலேயே 12 முதல் 19 வரை காட்டியது. ஏற்றுமதிக்கு 8 முதல் 10 வரை வேண்டும், அதுவும் எல்லாப் பலகையிலும்.

இன்னொரு சிக்கல் நமது மண்ணுக்கே உரியது. போர் நடந்த பகுதி மரங்களில் ஷெல் துண்டும் சன்னமும் புதைந்திருக்கும். வாள் அலகு ஒன்று பல்லுடைந்தால் அரை நாள் வேலை நிற்கும். ஓர் ஓடரை நாளில் முடிக்க வேண்டியவருக்கு இது சிறிய விஷயமல்ல.

மரத்தின் கடதாசியும் கேள்விக்கு வரும். உள்ளூரில் போக்குவரத்து அனுமதிப்பத்திரம் இருந்தால் லொறி ஓடும். ஐரோப்பிய ஒன்றியம் 2023 இல் இயற்றிய காடழிப்புத் தடைச் சட்டமோ, மரத் தளபாடங்களுக்கும் மரம் வெட்டிய காணியின் புவியிட விபரத்தைக் கேட்கிறது. அதன் அமுலாக்கம் இருமுறை தள்ளிப்போடப்பட்டாலும் கொள்வனவாளர்கள் இப்போதே கேட்கத் தொடங்கிவிட்டார்கள். வீட்டுத் தோட்டத்துத் தேக்கைப் பத்துக் கையில் மாறி வாங்குபவர் இதை எப்படிக் காட்டுவார்?

கொள்கலனுக்குள் காற்று

நாற்பதடிக் கொள்கலனில் சுமார் 60 கன மீற்றர் நிரப்பலாம். முழுதாகப் பொருத்திய நாற்காலி ஒன்று 0.225 கன மீற்றர் இடம் பிடிக்கும். ஆக, 266 நாற்காலிகள். கழற்றி மடக்கிப் பெட்டியில் அடுக்கினால் மூன்றிலொரு பங்கு இடம் போதும், 800 போகும். கப்பல் கட்டணம் 3,000 டொலர் என்று வைத்தால் ஒரு நாற்காலிக்கு 11 டொலருக்கு மேல் விழுவது 4 டொலருக்குக் குறையும். நமது தச்சர்கள் செய்வது பாரமான, பொருத்திய, செதுக்கு வேலையுள்ள சாமான். அதை அப்படியே அனுப்புவது காற்றை ஏற்றுமதி செய்வது போலாகும்.

கணக்கு

மடக்கும் நாற்காலி 800. செலவு ஒன்றுக்கு 7,500 ரூபா வீதம் 60 இலட்சம். துறைமுகத்தில் 30 டொலர் விலை, டொலர் 300 ரூபா என்றால் வரவு 72 இலட்சம். பார்த்தால் 12 இலட்சம் இலாபம். ஆனால் மரம் உலர்த்த ஒரு மாதம், செய்ய ஒன்றரை, கப்பலில் ஒன்றரை, கொள்வனவாளர் தவணை இரண்டு. பணம் ஆறு மாதம் உள்ளே கிடக்கும். ஆண்டுக்கு 14 வீதச் செலவில் அது 4.2 இலட்சம். வட்டியை விலக்கி முராபஹா முறையில் எடுத்தாலும் அந்த ஆறு மாதத்துக்கான இலாபக் கூட்டலை விலையில் சேர்த்தே ஆக வேண்டும். கொழும்புக்கு லொறி, துறைமுகச் செலவு, பொதிப் பலகைக்கு வெப்பச் சிகிச்சை என 1.5 இலட்சம். நூற்றுக்கு ஐந்து நாற்காலி நிராகரிக்கப்பட்டால் 3.6 இலட்சம். மிச்சம் 2.7 இலட்சம். பணம் வரும் நாளில் டொலர் மூன்று வீதம் இறங்கியிருந்தால் இன்னும் 2 இலட்சத்துக்கு மேல் போய்விடும்.

அதே 60 இலட்சத்தைக் கிளிநொச்சிக் கடையில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுழற்றினால், வாடகை போக 10 வீத இலாபத்தில் இரண்டு சுற்றுக்கு 12 இலட்சம். முதலின் செலவு 4.2 கழியும். வராக்கடன் விற்பனையில் 3 வீதம் என்றால் இன்னொரு 4 இலட்சம். மிச்சம் 3.8 இலட்சம். இதுவும் பெரிய தொகையல்ல. வராக்கடன் 6 வீதத்தைத் தொட்டால் பூச்சியம். மாதம் 22 இலட்சம் மேலதிகமாக விற்றாகவும் வேண்டும். 2009 க்குப் பின் மீள்குடியேற்ற வீடுகள் எழும்பிய காலத்துக் கேள்வி இன்று இல்லை. அலுமினியக் கதவும் மொரட்டுவைத் தளபாடமும் அதே வீதியில் போட்டி போடுகின்றன.

வித்தியாசம் எங்கே என்றால், உள்நாட்டு நட்டத்தின் கடிவாளம் நம் கையில் இருக்கிறது. தவணை கொடுப்பதை நெல் அறுவடையோடு கட்டலாம்: பெரும்போக நெல் விற்கும் மாசி, பங்குனியில் பெரிய தவணை, மற்ற மாதங்களில் சிறியது. மூன்றிலொரு பங்கு முற்பணம் இல்லாமல் மரம் வெட்டுவதில்லை என்று வைக்கலாம். இன்னொரு வழியும் உண்டு. கனடாவிலும் லண்டனிலும் இருப்பவர்கள் ஊரில் வீடு கட்டுகிறார்கள். அவர்கள் அங்கிருந்து பணம் அனுப்பக் கிளிநொச்சியிலேயே சாமானை இறக்கலாம். வெளிநாட்டுக் காசு வரும். கப்பலும் இல்லை, குளிர்கால வெடிப்பும் இல்லை. ஹாஜியாரின் பற்றுச்சீட்டுகளைப் புரட்டியபோது ஐந்தில் ஒன்று ஏற்கெனவே இப்படி வந்த ஓடர்தான். அவர் அதைத் தனியாக எண்ணியதே இல்லை.

மூன்று நிபந்தனை

தாளின் அடியில் எழுதியது இவ்வளவுதான். ஒன்று, சிறிய உலர்த்தி போட்டு, தொடர்ந்து மூன்று மாதம் எல்லாப் பலகையும் 10 வீதத்துக்குள் நிற்க வேண்டும். உள்ளூர் சாமானுக்கும் அது நல்லதே. இரண்டு, வாங்கும் ஒவ்வொரு மரத்துக்கும் காணி விபரத்தோடு ஒரு கோவை. மூன்று, கொள்வனவாளர் 30 வீதம் முற்பணம் அனுப்பவோ வங்கி நாணயக் கடிதம் திறக்கவோ வேண்டும். மூன்றும் நிறைவேறினால் முதலில் ஏற்கெனவே ஏற்றுமதி செய்யும் ஒருவருக்கு நூறு நாற்காலி செய்து கொடுத்து, நிராகரிப்பு எத்தனை என்று பார்க்கலாம்.

ஹாஜியார் தாளை இருமுறை வாசித்தார். "மூன்றாவதை இன்றைக்கே கேட்டுவிடலாமே, காசு செலவில்லையே" என்றார். அன்று மாலையே கொள்வனவாளருக்கு முற்பணம் கேட்டு எழுதினார். இன்று வரை பதில் வரவில்லை. கிளிநொச்சிக் கட்டடத்துக்கு ஆறு மாத வாடகை கட்டியாகிவிட்டது.