160 சதவீதம் என்றால் என்ன?

ஒரு திட்டம் முடிந்ததும் பணம் கொடுத்தவருக்கு இறுதி அறிக்கை போகும். அதில் கண் முதலில் ஓடுவது ஓர் அட்டவணைக்கு: ஒரு பக்கம் சொன்ன இலக்கு, மறுபக்கம் எட்டிய அளவு. அதை எப்படிப் படிப்பது என்பதற்கு ராஜஸ்தானின் பில்வாரா மாவட்டத்தில் நடந்த ஒரு திட்டம் நல்ல உதாரணம்.

'எஜுகேட் கேர்ள்ஸ்' என்ற தொண்டு நிறுவனம் அங்கே 166 பள்ளிகளில் 2015 முதல் 2018 வரை வேலை செய்தது. செலவுக்கான பணத்தை யுபிஎஸ் ஆப்டிமஸ் அறக்கட்டளை முன்கூட்டியே கொடுத்தது. பலன் கிடைத்தால் அதை வட்டியோடு திருப்பித் தருவதாக சிஐஎஃப்எஃப் என்ற இன்னோர் அறக்கட்டளை ஒப்புக்கொண்டது. பலனை அளக்கும் பொறுப்பு ஐடிஇன்சைட் என்ற வெளி நிறுவனத்துக்கு. பரீட்சை எழுதியவரே விடைத்தாளைத் திருத்தக் கூடாதல்லவா?

முடிவு 2018 ஜூலையில் வெளியானது. சேர்க்கையில் இலக்கின் 116 சதவீதம். கற்றலில் 160 சதவீதம்.

116 என்றதும் எல்லாச் சிறுமிகளும் பள்ளிக்கு வந்துவிட்டதாகத் தோன்றும். அப்படியில்லை. பள்ளிக்குப் போகாத சிறுமிகளில் 79 சதவீதம் பேரைச் சேர்ப்பதுதான் இலக்கு. 837 பேரில் 768 பேர் சேர்ந்தார்கள். அதாவது 92 சதவீதம். அந்த 92-ஐ 79-ஆல் வகுத்தால் வருவதுதான் 116. மீதி 69 பேர் வெளியேதான் இருந்தார்கள். அதோடு, இது பெயர் பதிவானதை மட்டுமே சொல்கிறது. தினமும் வந்தார்களா என்பது வேறு கேள்வி.

கற்றலில் கணக்கு இன்னும் கடுமையானது. எழுத்தை மட்டும் அறிந்த குழந்தை சொல்லைப் படிக்கத் தொடங்கினால் ஒரு படி முன்னேற்றம். ஆனால் திட்டம் இல்லாமலேயே குழந்தைகள் கொஞ்சம் கற்றுக்கொள்வார்கள். ஆகவே திட்டம் நடக்காத இன்னொரு 166 பள்ளிகளிலும் தேர்வு வைத்து, அங்கே வந்த முன்னேற்றத்தைக் கழித்தார்கள். கழித்த பிறகு நின்றது 8,940 படிகள், இலக்கு 5,592.

இந்த வெற்றியும் கடைசி வருடத்தில் வந்ததுதான். இரண்டாம் ஆண்டு முடிவில் கற்றல் இலக்கில் பாதிதான் எட்டியிருந்தது. இடையிலேயே அளந்ததால் அது வெளியே தெரிந்தது. உடனே பாடம் நடத்தும் முறையை மாற்றினார்கள்: குழந்தைகளைத் திறன்வாரியாகப் பிரித்தார்கள், பள்ளிக்கு வராதவர்களுக்கு வீட்டுக்கே போய்ச் சொல்லிக்கொடுத்தார்கள்.

அதே சமயம், 160 சதவீதம் வந்ததற்கு இலக்கே குறைவாக வைக்கப்பட்டதும் ஒரு காரணமாக இருக்கலாம். அதை அட்டவணை சொல்லாது. எனவே இப்படியொரு அறிக்கை உங்கள் கைக்கு வந்தால், இலக்கை எதை வைத்து நிர்ணயித்தார்கள், யாரோடு ஒப்பிட்டார்கள், அளந்தவர் யார் என்று கேளுங்கள். இவற்றுக்குப் பதில் இல்லையென்றால் அந்தச் சதவீதத்தை நம்ப வேண்டியதில்லை.