பேக்கேஜ் ஒன்பது லட்சத்து அறுபதாயிரம், கைக்கு எவ்வளவு?

ஆஃபர் லெட்டரின் முதல் பக்கத்தில் ஒரே ஒரு எண்தான் தடித்த எழுத்தில் இருக்கும். அதைத்தான் வீட்டில் சொல்கிறோம். சொந்தக்காரர்களுக்கும் அதுவே போய்ச் சேர்கிறது. பெண் பார்க்கும் இடத்தில் ‘பையனுக்கு இவ்வளவு லட்சம் பேக்கேஜ்’ என்று பேசப்படுவதும் அதே எண்தான். முதல் மாதச் சம்பளம் வங்கியில் விழுந்த அன்று அந்த எண்ணைப் பன்னிரண்டால் வகுத்துப் பார்ப்பவர்கள் திகைத்துப் போகிறார்கள். கணக்குப் பிரிவுக்கு மின்னஞ்சல் பறக்கும். ‘எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, அனெக்சரைப் பாருங்கள்’ என்று பதில் வரும்.

பதில் சரிதான். கடிதத்தின் இரண்டாம் பக்கத்திலோ மூன்றாம் பக்கத்திலோ சின்ன எழுத்தில் ஓர் அட்டவணை இருக்கும். கையெழுத்துப் போடும் அவசரத்தில் அதைப் பலர் படிப்பதில்லை. முதல் பக்கத்து எண்ணுக்கு சி.டி.சி. என்று பெயர். ஓர் ஊழியருக்காக நிறுவனம் ஓர் ஆண்டில் செலவு செய்வதாகக் கணக்கு எழுதும் மொத்தத் தொகை அது. ஊழியருக்குக் கொடுக்கும் சம்பளம் அந்தச் செலவில் ஒரு பகுதி மட்டுமே. சி.டி.சி.யில் எதைச் சேர்க்கலாம், எதைச் சேர்க்கக் கூடாது என்று சட்டத்தில் வரையறை ஏதும் இல்லாததால், ஒவ்வொரு நிறுவனமும் தன் வசதிப்படி சேர்த்துக்கொள்கிறது.

பழைய மாமல்லபுரம் சாலையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இரண்டு மூன்று வருட அனுபவத்தோடு சேரும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். சி.டி.சி. ரூ.9,60,000. மாதத்துக்கு எண்பதாயிரம் என்று அவர் நினைத்திருப்பார். வங்கிக்கு வருவதோ ரூ.59,292. மாதா மாதம் இருபதாயிரத்துக்கு மேல் காணவில்லை. இதில் வருமான வரி ஒரு பைசாகூட இல்லை. 2025-26 நிதியாண்டிலிருந்து புதிய வரி முறையில், நிரந்தரக் கழிவு எழுபத்தைந்தாயிரத்தையும் சேர்த்து, ஆண்டுக்கு ரூ.12,75,000 வரை சம்பளம் வாங்குபவருக்கு வரி கிடையாது. அப்படியானால் பணம் எங்கே போகிறது?

பெரிய பங்கு பி.எஃப்.புக்குப் போகிறது. இவருடைய அடிப்படைச் சம்பளம், அதாவது பேசிக், மாதம் ரூ.40,000. அதில் 12 சதவீதம், ரூ.4,800, இவர் சம்பளத்திலிருந்து பிடிக்கப்படுகிறது. நிறுவனமும் தன் பங்காக அதே அளவு கட்ட வேண்டும். அந்த ரூ.4,800-ம் சி.டி.சி.க்குள்தான் இருக்கிறது. ஆக ரூ.9,600 கைக்கு வராமலே போகிறது. முதலாளி தன் பங்கைத் தொழிலாளியின் கூலியிலிருந்து பிடித்துக்கொள்ளக் கூடாது என்பது பி.எஃப். திட்டத்தின் விதி. இங்கே பிடித்தம் என்று யாரும் சொல்வதில்லை. சம்பளம் பேசும்போதே அந்தப் பங்கையும் உள்ளடக்கிய மொத்தத்தைச் சொல்லிவிடுகிறார்கள், அவ்வளவுதான். விதியை மீறியதாகவும் ஆகாது, செலவும் கூடாது. கெட்டிக்காரத்தனம் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆனால் இந்தப் பணம் இவருடையதுதான், வட்டியோடு வளரும். 2024-25-க்கு வட்டி 8.25 சதவீதம். மாதச் செலவுக்கு உதவாது என்பது மட்டுமே குறை.

அடுத்தது வேரியபிள். இவருடைய அட்டவணையில் அது சி.டி.சி.யில் பத்து சதவீதம், ஆண்டுக்கு ரூ.96,000. மாதத்துக்கு எட்டாயிரம் என்று மனக்கணக்கில் சேர்ந்துவிடும். ஆனால் இது மாதா மாதம் வருவதில்லை. காலாண்டுக்கு ஒருமுறையோ ஆண்டுக்கு ஒருமுறையோ, நிறுவனத்தின் லாபத்தையும் இவருக்குக் கிடைத்த ரேட்டிங்கையும் பார்த்துத் தருவார்கள். வியாபாரம் மந்தமான வருஷத்தில் அறுபது சதவீதமே வரலாம், ஒன்றுமே வராமலும் போகலாம். இன்னொரு நுணுக்கமும் உண்டு. பணம் பட்டுவாடா ஆகும் தேதியில் ஊழியர் வேலையில் இருக்க வேண்டும் என்று பல கடிதங்களில் ஒரு வரி இருக்கும். மார்ச் வரை ஒரு வருஷம் முழுக்க உழைத்துவிட்டு மே மாதம் ராஜினாமா செய்பவருக்கு, ஜூனில் வர வேண்டிய தொகை கை நழுவிவிடும். கணக்கில் காணாமல் போன இருபதாயிரத்தில் என்னை உறுத்துவது இந்த எட்டாயிரம்தான். பி.எஃப். தள்ளிப்போன பணம். இதுவோ வருமா வராதா என்றே தெரியாத பணம். இரண்டையும் ஒரே கூட்டலில் போடுவது நியாயமாகப் படவில்லை.

மூன்றாவது கிராஜுவிட்டி. வேலையை விட்டுப் போகும்போது தரப்படும் பணிக்கொடை. ஒவ்வோர் ஆண்டு வேலைக்கும் பதினைந்து நாள் சம்பளம், மாதத்துக்கு இருபத்தாறு வேலை நாள் என்று கணக்கு. நாற்பதாயிரம் பேசிக்குக்கு ஆண்டுக்கு ரூ.23,077 வருகிறது. அட்டவணையில் பேசிக்கின் 4.81 சதவீதம் என்று ஒரு வரி கண்ணில் பட்டால் அது இதுதான். நிரந்தர ஊழியருக்கு இது கிடைக்க ஐந்து ஆண்டு தொடர்ந்து வேலை பார்த்திருக்க வேண்டும். ஐந்தாம் ஆண்டில் 240 நாள் முடித்திருந்தால் போதும் என்று சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு உண்டு. ஒப்பந்தக் காலம் குறிப்பிட்டுச் சேர்க்கப்படுபவர்களுக்குப் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு ஓர் ஆண்டிலேயே அந்த உரிமையைத் தருகிறது. ஆனால் ஐ.டி. துறையில் மூன்று வருஷத்தில் கம்பெனி மாறுபவர்கள்தான் அதிகம். நம்மவர் அப்படி மாறினால் மூன்று ஆண்டும் சி.டி.சி.யில் எண்ணப்பட்ட ரூ.69,231 அவருக்கு வரவே வராது. நிறுவனமும் அதை யாருக்கும் கொடுக்கப் போவதில்லை.

மிச்சம் சில்லறைதான். குழு மருத்துவக் காப்பீட்டின் பிரீமியம் ஆண்டுக்கு ரூ.11,723, அதுவும் சி.டி.சி.யில் ஏறிவிட்டது. மாநகராட்சிக்குப் போகும் தொழில் வரி அரையாண்டுக்கு ரூ.1,250. சில நிறுவனங்கள் இதை அரையாண்டுக்கு ஒருமுறை மொத்தமாகப் பிடிப்பதால் அந்த மாதம் மட்டும் சம்பளம் குறைந்து தெரியும். இங்கே மாதத்துக்கு ரூ.208 என்று பிரித்துப் போட்டிருக்கிறேன்.

இப்போது கூட்டிப் பாருங்கள். பி.எஃப். ரூ.9,600, வேரியபிள் ரூ.8,000, கிராஜுவிட்டி ரூ.1,923, காப்பீடு ரூ.977, தொழில் வரி ரூ.208. மொத்தம் ரூ.20,708. எண்பதாயிரத்தில் கழித்தால் ரூ.59,292.

இந்தக் கணக்கை ஆட்டி வைப்பது பேசிக் என்ற ஒரே எண். அது கூடினால் பி.எஃப்.பும் கிராஜுவிட்டியும் சேர்ந்து கூடும், கைக்கு வருவது குறையும். முன்பு நிறுவனங்கள் பேசிக்கை முப்பது, முப்பத்தைந்து சதவீதத்தில் வைத்துவிட்டு மீதியை ஸ்பெஷல் அலவன்ஸ் என்று போடுவது வழக்கம். 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அதற்குக் கடிவாளம் போட்டிருக்கின்றன. அலவன்ஸ்கள் மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகையையும் ஊதியமாகவே கணக்கிட வேண்டும். ஆனால் பி.எஃப். விஷயத்தில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. ரூ.15,000-க்கு மேற்பட்ட ஊதியத்துக்கு பி.எஃப். கட்டுவது கட்டாயமில்லை. அந்த உச்சவரம்போடு நிறுத்திக்கொள்ளும் நிறுவனத்தில் மாதப் பிடித்தம் ரூ.1,800-தான். நம்மவருக்கு அப்படிச் செய்து, மிச்சமான மூவாயிரத்தை அலவன்ஸில் சேர்த்தால், அதே ரூ.9,60,000 சி.டி.சி.யில் கைக்கு வருவது ரூ.65,292 ஆகிவிடும். ஒரே சி.டி.சி., இரண்டு நிறுவனம், மாதம் ஆறாயிரம் வித்தியாசம். கூடுதலாக வரும் அந்த ஆறாயிரம் அவருடைய சேமிப்பிலிருந்து வந்தது என்பதையும் மறக்கக் கூடாது.

சிக்கல் முற்றுவது வேலை மாறும்போதுதான். ‘இப்போது வாங்கும் சி.டி.சி. எவ்வளவு?’ என்று ஹெச்.ஆர். கேட்பார். ஒன்பது அறுபது என்று நம்மவர் சொல்கிறார். முப்பது சதவீத ஹைக், ரூ.12,48,000 என்று புது ஆஃபர் வருகிறது. வீட்டில் கேசரி கிண்டியாகிவிட்டது. அட்டவணையைப் பிரிப்போம். ஒருமுறை மட்டும் தரப்படும் ஜாயினிங் போனஸ் ஒரு லட்சம் உள்ளே இருக்கிறது. ஒரு வருஷத்துக்குள் விலகினால் அதைத் திருப்பிக் கட்ட வேண்டும். வேரியபிள் இங்கே இருபது சதவீதம், ரூ.2,49,600. பேசிக் ரூ.52,000. அதனால் நிறுவனத்தின் பி.எஃப். பங்கு ரூ.74,880, கிராஜுவிட்டி ரூ.30,000. காப்பீடு ரூ.15,000. இவையெல்லாம் போக மிஞ்சுவது ரூ.7,78,520, மாதத்துக்கு ரூ.64,877. இவருடைய பி.எஃப். ரூ.6,240-ஐயும் தொழில் வரியையும் கழித்தால் கைக்கு வருவது சுமார் ரூ.58,430. முப்பது சதவீத ஹைக்கில் போனவருக்கு மாத வருமானம் எண்ணூறு ரூபாய்க்கு மேல் குறைந்துவிட்டது.

யாரும் பொய் சொல்லவில்லை. வேரியபிள் முழுதாக வந்தால், ஜாயினிங் போனஸும் கைக்கு வந்தால், முதல் வருஷம் நல்ல லாபம்தான். ஆனால் வீட்டு வாடகையும் வண்டித் தவணையும் மாதம் பிறந்தால் கட்ட வேண்டியவை. வீட்டுக் கடனுக்குப் போனால் வங்கி மேலாளர் ஆஃபர் லெட்டரின் தடித்த எழுத்தை நம்புவதில்லை. மூன்று மாதச் சம்பளச் சீட்டையும் வங்கிக் கணக்கையும் கேட்டு, உண்மையில் வரவான தொகையை வைத்துத்தான் தவணையை நிர்ணயிப்பார்.

கையெழுத்துப் போடும் முன் ஹெச்.ஆரிடம் அனெக்சரைக் கேட்டு வாங்குங்கள். மாதா மாதம் உறுதியாக வரும் மொத்தச் சம்பளம் எவ்வளவு, பி.எஃப். முழு பேசிக்குக்கா பதினைந்தாயிரத்துக்கா, போன இரண்டு வருஷம் வேரியபிள் எத்தனை சதவீதம் கொடுத்தார்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குச் சிலர் மழுப்புவார்கள். அப்படியானால் அங்கே வேலை பார்க்கும் தெரிந்தவர் யாரிடமாவது விசாரிப்பது நல்லது. ஹைக் பேசும்போது பழைய ஃபிக்ஸட் சம்பளத்தையும் புதிய ஃபிக்ஸட் சம்பளத்தையும் எதிரெதிரே வைத்துப் பேசுங்கள். மேலே சொன்னவர் அப்படிப் பேசியிருந்தால், ஜாயினிங் போனஸ் வேண்டாம், அந்த ஒரு லட்சத்தை ஃபிக்ஸடில் சேர்த்துவிடுங்கள் என்று கேட்டிருக்கலாம். பாதியையாவது நிறுவனம் ஒப்புக்கொண்டிருந்தால்கூட மாதம் நான்காயிரத்துச் சொச்சம் கூடியிருக்கும். அந்தப் பாதி அடுத்த வருஷமும் தொடர்ந்து வந்திருக்கும்.