தொட்டியில் கிடக்கும் மாவுக்கு என்ன விலை?

மார்ச் 31 இரவு கணக்கு முடிகிறது. பிஸ்கட் ஆலைக்கு அது தெரியாது. புளிக்க வைத்த மாவு தொட்டியில் பொங்கிக்கொண்டிருக்கும். ஓவனிலிருந்து வந்து ஆறிய பிஸ்கட் பாக்கெட்டுக்குள் போகாமல் க்ரேட்டுகளில் அடுக்கிக் கிடக்கும். இவற்றில் எதையும் இன்று விற்க முடியாது. அதற்காக இவை சும்மா வந்தவையும் அல்ல. மைதாவும் கொழுப்பும் கூலியும் டீசலும் இவற்றுக்குள் போயிருக்கின்றன. இந்த அரைகுறைச் சரக்குக்கு என்ன விலை போடுகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் முடிந்த பிஸ்கட்டின் அடக்கவிலையும் அந்த வருட லாபமும் அமைகின்றன.

உப்பு பிஸ்கட் மட்டும் செய்யும் சிறு ஆலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். மார்ச் மாதம் 38,000 கிலோ பாக்கெட் போட்டுக் கிடங்குக்குப் போய்விட்டது. மாதக் கடைசியில் 1,600 கிலோ பிஸ்கட் வெந்து ஆறி, பாக்கெட்டுக்குக் காத்திருக்கிறது. தொட்டிகளில் 500 கிலோ மாவு இருக்கிறது. மாத ஆரம்பத்தில் பாக்கிச் சரக்கு எதுவும் இல்லை. மாதச் செலவு இது: மைதா, கொழுப்பு முதலிய பொருட்களுக்கு 28,00,000 ரூபாய்; பேக்கிங் ஃபிலிம், அட்டைப்பெட்டிக்கு 3,80,000; கூலி, எரிபொருள், மின்சாரம், மெஷின் தேய்மானம் எல்லாம் சேர்த்து 7,86,000. இந்த மூன்றாவது செலவுக்கு நகைக்கடை வார்த்தையையே கடன் வாங்கி ‘செய்கூலி’ என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 39,66,000 ரூபாய்.

இதை 38,000-ஆல் வகுத்தால் கிலோவுக்கு 104 ரூபாய் 37 காசு வரும். அரைகுறைச் சரக்கின் செலவையும் முடிந்த சரக்கின் தலையில் கட்டிய கணக்கு இது. ஏப்ரலில் அந்த மாவும் பிஸ்கட்டும் செலவே இல்லாமல் வந்ததுபோலத் தெரியும். ஏப்ரல் அடக்கவிலை பொய்யாக இறங்கும். சரி, கிடப்பதையும் முழுக் கிலோவாகச் சேர்த்து வகுக்கலாமா? அப்படிச் செய்தால் பாக்கெட்டையே பார்க்காத பிஸ்கட்டின் மேல் பாக்கெட் செலவும், ஓவனுக்குள் போகாத மாவின் மேல் டீசல் செலவும் ஏறிவிடும்.

இந்த இடத்துக்குத்தான் காஸ்ட் அக்கவுன்டன்ட்கள் ‘சமான அலகு’ என்ற வழியை வைத்திருக்கிறார்கள். பாதி வேலை முடிந்த 100 கிலோவை, முழு வேலை முடிந்த 50 கிலோவுக்குச் சமம் என்று எண்ணுவதுதான் அது. ஆனால் ஒரே சரக்கு ஒரு செலவில் முழுதாக முடிந்திருக்கும், இன்னொரு செலவில் தொடங்கியே இருக்காது. அதனால் ஒவ்வொரு செலவுக்கும் தனித்தனியாக எண்ண வேண்டும்.

எண்ணுவதற்கு முன் எடையைச் சரி செய்துவிட வேண்டும். மாவு ஓவனில் தண்ணீரை இழக்கிறது. இந்த ஆலையில் 100 கிலோ மாவு 80 கிலோ பிஸ்கட் தரும் என்று கொண்டால், 500 கிலோ மாவு என்பது 400 கிலோ பிஸ்கட்தான். ஆக, பாக்கி நிற்பது பிஸ்கட் எடையில் 2,000 கிலோ.

மைதாவும் கொழுப்பும் பிசையும்போதே முழுதாகப் போய்விடுகின்றன. எனவே பொருள் கணக்கில் இந்த 2,000 கிலோவும் முழுசு: 38,000-உடன் சேர்த்து 40,000 அலகு, கிலோவுக்கு 70 ரூபாய். பேக்கிங் கடைசியில்தான் வருகிறது. பாக்கிச் சரக்குக்குப் பூஜ்யம். 38,000 அலகு, கிலோவுக்கு 10 ரூபாய். (மெஷினில் மாட்டிய பாதி ஃபிலிம் ரோலை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம், அது ஸ்டோர்ஸ் இருப்பு.)

தகராறு வருவது செய்கூலியில்தான். மாவு எத்தனை சதவீதம் முடிந்திருக்கிறது? சூப்பர்வைசரைக் கேட்டால், ‘நேத்து ராத்திரியே பிசைஞ்சாச்சு சார், முக்கால்வாசி முடிஞ்ச மாதிரிதான்’ என்பார். கடிகாரப்படி அது சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் மாவு இரவெல்லாம் புளிக்கும்போது அதற்கு ஆளும் வேண்டாம், டீசலும் வேண்டாம். நேரம் ஓடுகிறது, செலவு ஓடவில்லை. சதவீதத்தைச் செலவைப் பார்த்துத்தான் போட வேண்டும். இந்த ஆலையில் செய்கூலியில் கால் பங்கு பிசைந்து புளிக்க வைக்க, பாதி வெட்டிச் சுட, மிச்சக் கால் பங்கு பாக்கெட் போட ஆகிறது. அதன்படி தொட்டி மாவு 25 சதவீதம், க்ரேட் பிஸ்கட் 75 சதவீதம். 400 கிலோவில் 100, 1,600 கிலோவில் 1,200, ஆக 1,300 சமான அலகு. முடிந்த 38,000-உடன் சேர்த்தால் 39,300. 7,86,000-ஐ இதனால் வகுத்தால் கிலோவுக்குச் சரியாக 20 ரூபாய்.

இப்போது முடிந்த பிஸ்கட் 70, 10, 20 சேர்ந்து கிலோ 100 ரூபாய். கிடங்குக்குப் போன சரக்கு 38,00,000. பாக்கிச் சரக்கில் பொருள் 1,40,000, செய்கூலி 26,000, மொத்தம் 1,66,000. இரண்டையும் கூட்டினால் 39,66,000 வருகிறது. செலவான பணம் முழுவதற்கும் கணக்குச் சொல்லியாகிவிட்டது. இந்தக் கூட்டல் இடிக்கிறதென்றால் எங்கோ அலகைத் தப்பாக எண்ணியிருக்கிறோம்.

இந்தச் சதவீதத்துக்காக ஆடிட்டரும் மேனேஜரும் மணிக்கணக்கில் வாதாடுவதுண்டு. என்னைக் கேட்டால், பிஸ்கட் ஆலையில் அவ்வளவு வாதம் தேவையில்லை. மாவுக்கு 25-க்குப் பதில் 50 சதவீதம் போட்டால் பாக்கிச் சரக்கின் மதிப்பு 2,000 ரூபாய்கூட ஏறாது. ஆனால் 500 கிலோ மாவை அப்படியே 500 கிலோ பிஸ்கட்டாக எழுதிவிட்டால், பொருள் கணக்கில் மட்டும் சுமார் 6,600 ரூபாய் ஏறும். நூறு ரூபாயில் எழுபது பொருளாக இருக்கும் தொழிலில் முதலில் பார்க்க வேண்டியது எடைத் தாளை. அதைச் சரிபார்ப்பதும் எளிது: ஏப்ரல் முதல் ஓரிரு நாளில் அந்தத் தொட்டிகளும் க்ரேட்டுகளும் பாக்கெட்டாகும்போது, வழக்கமான உடைசல் போக 2,000 கிலோவை ஒட்டி வர வேண்டும். 1,800 வந்தால் மார்ச் இருப்பு ஊதிப்போயிருந்தது என்று அர்த்தம். உடைசலும் கருகலும் வழக்கமான அளவில் இருந்தால் நல்ல பிஸ்கட்டே அந்தச் செலவைச் சுமக்கும். மின்சாரம் போய் ஓவனுக்குள் ஒரு பேட்ச் முழுதும் கருகியதென்றால் அது நேராக நஷ்டத்தில் போகும், இருப்பின் மதிப்பில் ஏறக் கூடாது.

ஏப்ரலில் இந்த 1,66,000 ரூபாய் ஆரம்ப இருப்பாக வந்து நிற்கும். அதை ஏப்ரல் செலவோடு கலந்து சராசரி போடலாம். அல்லது பழையதைத் தனியே வைத்து, அதை முடிக்க ஏப்ரலில் ஆன வேலையை மட்டும் எண்ணலாம்: க்ரேட் பிஸ்கட்டுக்கு 400, மாவுக்கு 300, ஆக 700 செய்கூலி அலகும் 2,000 கிலோவுக்கான பேக்கிங்கும். முதலில் வந்தது முதலில் போகும் என்ற முறை இது. விலைவாசி அசையாமல் இருந்தால் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே விடைதான். 2024 செப்டம்பர் 14 அன்று கச்சா பாமாயில் இறக்குமதி வரி 5.5 சதவீதத்திலிருந்து 27.5 சதவீதமானது. அப்படிப்பட்ட மாதத்தில் சராசரி முறை, பழைய மலிவுச் சரக்கைக் கலந்து புது விலையின் சூட்டைத் தணித்துக் காட்டும். பாக்கிச் சரக்கு மாத உற்பத்தியில் ஐந்து சதவீதமே உள்ள இந்த ஆலைக்கு அந்த வித்தியாசம் சிறியது, சராசரியே போதும். இந்தியக் கணக்கியல் தரநிலை 2 இரண்டு முறைகளையும் ஏற்கிறது. ஆனால் லாபம் கூடிக் குறைவதற்கேற்ப வருடத்துக்கு ஒரு முறை என்று மாற்ற விடாது. மாற்றினால் காரணத்தையும், அதனால் லாபம் எவ்வளவு மாறியது என்பதையும் கணக்கறிக்கையில் சொல்லியாக வேண்டும்.