திங்கட்கிழமைதான் கடைசி நாள்

2020 மே 5. கொரோனாவால் உலகம் முழுக்கப் பயணங்கள் முடங்கிக் கிடந்த நேரம். பயணிகளுக்குத் தங்கும் வீடுகளைப் பிடித்துத் தரும் அமெரிக்க நிறுவனமான ஏர்பிஎன்பியின் தலைவர் பிரையன் செஸ்கி, ஊழியர்கள் அனைவருக்கும் ஒரு கடிதம் அனுப்பினார். 7,500 பேரில் ஏறத்தாழ 1,900 பேருக்கு வேலை போகிறது என்பதுதான் அதன் சாரம். நான்கில் ஒருவர்!

அந்தக் கடிதத்தில் உருக்கமான வரிகள் உண்டு. ஆனால், அதை இன்றும் படிக்கத் தகுந்ததாக ஆக்குவது உருக்கம் அல்ல, அதில் இருக்கும் தேதிகளும் கணக்கும்தான்.

முதலில் காரணத்தைச் சொல்கிறார். அந்த ஆண்டின் வருமானம் 2019-இல் வந்ததில் பாதிகூடத் தேறாது. 200 கோடி டாலர் வெளியிலிருந்து திரட்டியும் போதவில்லை. ஆகவே போக்குவரத்து, படத் தயாரிப்புப் பிரிவுகளை நிறுத்திவைக்கிறோம். ஹோட்டல், சொகுசு வீடுகள் பிரிவுகளைச் சுருக்குகிறோம் என்கிறார். எந்தத் தொழிலைக் கைவிடுகிறோம் என்பதிலிருந்து எந்த வேலை போகிறது என்பது தானாகப் புரிகிறது. ‘இது உங்கள் தவறல்ல’ என்று அவர் பின்னால் சொல்லும்போது, அது வெறும் ஆறுதலாக நின்றுவிடவில்லை.

அடுத்து, யாருக்கு எப்போது தெரியும் என்பது. அமெரிக்கா, கனடாவில் வேலை போகிறவர்களுக்குச் சில மணி நேரத்துக்குள் சந்திப்புக்கான அழைப்பு வரும். அவர்களுடன், சட்டம் அனுமதிக்கும் இடங்களில், மூத்த அதிகாரி ஒருவர் தனியாகப் பேசுவார். கடைசி வேலை நாள் மே 11, திங்கட்கிழமை. விடைபெறவும் அடுத்த கட்ட ஏற்பாடுகளைத் தொடங்கவும் அவகாசம் வேண்டும் என்பதற்காகத்தான் திங்கள் என்று காரணமும் சொல்லியிருந்தார். மற்ற நாடுகளில் சட்டம் வேறு என்பதால் தேதிகளும் மாறும் என்றார்.

பிறகு பணம். அமெரிக்க ஊழியர்களுக்கு 14 வாரச் சம்பளம். அதற்கு மேல், வேலை பார்த்த ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு வாரம். மூன்று ஆண்டு ஏழு மாதம் வேலை பார்த்திருந்தால் நான்கு ஆண்டு என்று கணக்கு. ஆக 18 வாரச் சம்பளம். இந்த உதாரணம் கடிதத்திலேயே இருக்கிறது. படிக்கிறவர் தன் தொகையைத் தானே போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். வேலையோடு மருத்துவக் காப்பீடும் போய்விடும் நாடு அமெரிக்கா. அதுவும் பெருந்தொற்றுக் காலம். எனவே 12 மாதக் காப்பீட்டைக் கம்பெனியே ஏற்றது. லேப்டாப்பைத் திருப்பித் தர வேண்டாம். வேலை தேட அது வேண்டுமே! புதிதாக ஆள் எடுத்துக்கொண்டிருந்த குழுவில் கணிசமான பகுதி, அந்த ஆண்டு முடியும்வரை, போனவர்களுக்கு வெளியே வேலை பிடித்துத் தரும் குழுவாக மாறியது.

பணம் கொடுத்தால் மட்டும் போதாதா? பிரிட்டனின் பி அண்ட் ஓ ஃபெர்ரீஸ் கப்பல் நிறுவனத்தைப் பாருங்கள். 2022 மார்ச் 17 அன்று ஏறத்தாழ 800 கப்பல் ஊழியர்களை, முன்பே பதிவுசெய்த ஒரு வீடியோவைக் காட்டி, அன்றே வேலையிலிருந்து நீக்கியது. மொத்தம் 3.65 கோடி பவுண்டு இழப்பீடு தருவதாகவும் சொன்னது. தொகை சின்னதல்ல. ஆனால் தொழிற்சங்கங்களுடன் முன்கூட்டியே பேசியிருக்க வேண்டும் என்பது சட்டம். பேசாமல் இருக்க முடிவெடுத்ததே தாங்கள்தான் என்று அதன் தலைவர் நாடாளுமன்றக் குழு முன் ஒப்புக்கொண்டார். கேள்வி கேட்க ஒரு நாள்கூட இல்லாத இடத்தில் இழப்பீடு வாயடைக்கும் காசாகத்தான் தெரிந்தது.

முன்கூட்டியே சொல்வதற்கும் இழப்பீடு தருவதற்கும் நம் இந்தியச் சட்டத்திலும் அடித்தளம் இருக்கிறது. 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டப்படி, ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளியை ஆட்குறைப்பு செய்ய, காரணத்தை எழுதி ஒரு மாத நோட்டீஸ் தர வேண்டும், அல்லது அந்த மாதச் சம்பளத்தைத் தர வேண்டும் என்று இருந்தது. அதோடு ஆண்டுக்கு 15 நாள் சராசரிச் சம்பளம். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மிச்சமும் ஓர் ஆண்டாகவே கணக்காகும். அதே மூன்று ஆண்டு ஏழு மாதக்காரருக்கு இங்கே 60 நாள் சம்பளம். அதன் இடத்துக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பும் இதே அளவை வைத்திருக்கிறது. ஆனால், மேலாளர்கள் இந்தப் பாதுகாப்புக்குள் வருவதில்லை. அவர்களுக்கு வேலை நியமனக் கடிதத்தில் உள்ளதுதான்.

சட்டம் சொல்வது குறைந்தபட்சம். அறிவிப்பை எழுதும் முதலாளி, அதை அனுப்புவதற்கு முன் ஒரு தொழிலாளியின் இடத்தில் உட்கார்ந்து படிக்கட்டும். என் வேலை போகிறதா, கடைசி நாள் எது, கையில் எவ்வளவு எந்தத் தேதியில் வரும், காப்பீடு எதுவரை, சந்தேகம் என்றால் யாரைப் பார்ப்பது? இந்த ஐந்தில் ஒன்றுக்கு ‘பின்னர் அறிவிக்கப்படும்’ என்று பதில் இருந்தாலும், அந்தக் கடிதம் இன்னும் அனுப்பும் பதத்துக்கு வரவில்லை.