ஆட்டம் கூடினால் அளவு குறையும்

நாளை பங்குச் சந்தை ஏறுமா, இறங்குமா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. பெரிதாக ஆடுமா, சிறிதாக ஆடுமா என்று கேட்டால் ஓரளவு நம்பகமான பதில் உண்டு: கடந்த சில வாரங்கள் எப்படி ஆடியதோ, பெரும்பாலும் அப்படியே. கொந்தளிப்பான நாட்கள் சேர்ந்தே வருகின்றன. அமைதியான நாட்களும் அப்படித்தான். இந்த இயல்பை 1982இல் கணக்காக வடித்துக் காட்டிய ராபர்ட் எங்கிளுக்கு 2003இல் பொருளாதார நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

திசை தெரியாது, ஆட்டத்தின் அளவு ஓரளவு தெரியும் என்றால், தெரிந்ததை வைத்து என்ன செய்யலாம்? அந்தக் கேள்விக்கு ஒரு விடைதான் வாலட்டிலிட்டி டார்கெட்டிங். சந்தை அமைதியாக இருக்கும்போது பங்கில் அதிகப் பணம், ஆட்டம் கண்டால் குறைந்த பணம். மீதி வங்கியிலோ குறுகிய காலக் கடன் பத்திரத்திலோ இருக்கும்.

கணக்கு எளிது. கடந்த 20 வர்த்தக நாட்களின் தினசரி சதவீத மாற்றங்களை ஒவ்வொன்றாக வர்க்கப்படுத்தி, சராசரி எடுத்து, வர்க்கமூலம் காண வேண்டும். கிடைப்பது ஒரு நாளின் சராசரி ஆட்டம். அதை 16ஆல் பெருக்கினால் ஆண்டுக் கணக்கு வந்துவிடும். (ஆண்டுக்குச் சுமார் 252 வர்த்தக நாட்கள், அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 16.) தினமும் 1% ஆடும் சந்தையின் ஆண்டு ஏற்ற இறக்கம் 16%. நீங்கள் தாங்க நினைக்கும் அளவு 10% என்றால், 10ஐ 16ஆல் வகுத்து, பணத்தில் 62% மட்டும் பங்கில் வைப்பீர்கள். சூத்திரம் இவ்வளவுதான்.

இது நடைமுறையில் எப்படி இயங்கும் என்பதற்கு 2020 பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையிலான அமெரிக்காவை விடச் சிறந்த உதாரணம் கிடைக்காது. எஸ் அண்ட் பி 500 குறியீட்டில் ஒருவர் 1,00,000 டாலர் வைத்திருக்கிறார், இலக்கு 10%, ஒவ்வொரு வாரமும் கடைசி வர்த்தக நாளில் அளவைத் திருத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். வட்டியையும் தரகுச் செலவையும் விட்டுவிடலாம்.

பிப்ரவரி 21 அன்று, முந்தைய 20 நாட்களின் ஏற்ற இறக்கம் சுமார் 13.5%. ஆகவே பங்கில் 74%. அடுத்த வாரம் கொரோனா பயம் சந்தையைப் பிடித்தது. ஐந்தே நாட்களில் குறியீடு 11.5% சரிந்தது. நம் ஆள் 8,500 டாலர் இழந்தார். அந்த வெள்ளிக்கிழமைதான் விதி விழித்துக்கொள்கிறது: ஏற்ற இறக்கம் 25% ஆகிவிட்டதால் பங்கின் அளவு 40%க்கு இறங்குகிறது. மார்ச் 6இல் அது 28%; மார்ச் 13இல் 14%; மார்ச் 20இல் 11%. இடையே மார்ச் 16 அன்று சந்தை ஒரே நாளில் 12% விழுந்தது. அந்த வாரம் முழுவதற்குமான சரிவு 15%. பங்கில் ஏழில் ஒரு பங்குப் பணமே இருந்ததால் அவருக்குச் சேதம் 2% சொச்சம்தான்.

மார்ச் 23, அடிமட்டம். முழுப் பணத்தையும் குறியீட்டிலேயே விட்டிருந்தவரிடம் சுமார் 67,000 டாலர். விதியைப் பின்பற்றியவரிடம் 87,300. இந்த இரண்டு எண்களை மட்டும் காட்டித்தான் இந்த உத்தி பெரும்பாலும் விற்கப்படுகிறது. கதையை இங்கேயே நிறுத்திவிடுவது விற்பவருக்கு வசதி.

நிறுத்தாமல் போவோம். மறுநாளே சந்தை 9.4% எகிறியது. ஏப்ரல் 9க்குள் அடிமட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 25% மீண்டுவிட்டது. ஆனால் மேலே போகும் துள்ளலும் ஆட்டம்தான். சூத்திரத்தில் வர்க்கப்படுத்துவதால் கூட்டல் கழித்தல் அடையாளம் மறைந்துவிடுகிறது. 9% ஏற்றமும் 9% இறக்கமும் அதன் கண்ணுக்கு ஒன்றே. அதனால் மீட்சியின்போதெல்லாம் பங்கில் 11% அளவே இருந்தது. சந்தை 25% ஏறியபோது விதிக்காரருக்குக் கிடைத்தது 2.6%. ஏப்ரல் 9 அன்று அவர் கையில் 89,600.

அதை யாரோடு ஒப்பிடுவது? 100% பங்கில் வைத்தவரோடு ஒப்பிடுவது நியாயமல்ல, ஏனெனில் நம் ஆள் தொடங்கியதே 74%இல். பிப்ரவரி 21இல் 74% பங்கில் போட்டுவிட்டு, அதன்பின் கணக்கைத் திறந்தே பார்க்காதவர் ஒருவரைக் கற்பனை செய்யுங்கள். அடிமட்டத்தில் அவரிடம் 75,600. ஏப்ரல் 9இல் 87,800. ஏழு வாரப் பரபரப்புக்குப் பிறகு இருவருக்கும் இடையே உள்ள தூரம் இரண்டாயிரம் டாலர்கூட இல்லை. ஆகஸ்ட் 18இல் குறியீடு பிப்ரவரி உச்சத்தைத் தாண்டி முடிந்தபோது, சும்மா இருந்தவருக்கு இழந்தது முழுவதும் திரும்பிவிட்டது.

ஆக, இந்த விதி வாங்கித் தருவது கூடுதல் லாபத்தை அல்ல. வழியில் விழும் பள்ளத்தின் ஆழம் குறைகிறது. 75,600க்கும் 87,300க்கும் உள்ள வித்தியாசம், மாதாமாதம் பணம் எடுக்கும் ஓய்வூதியக்காரருக்கோ, கடன் வாங்கி முதலீடு செய்தவருக்கோ பெரிய விஷயம். இருபது ஆண்டு காத்திருக்கக் கூடியவருக்கு அவ்வளவு அல்ல. ஆய்வாளர்களும் லாப விஷயத்தில் ஒத்துப்போகவில்லை. மொரேரா, மூர் என்ற இருவர் 2017இல் இந்த வழியில் வருமானமும் மேம்படும் என்று காட்டினார்கள். 2020இல் செடர்பர்க் குழுவினர் 103 பங்கு உத்திகளில் சோதித்துவிட்டு, நிகழ்நேரத்தில் பின்பற்றக்கூடிய வடிவில் அந்த மேன்மை சீராகக் கிடைக்கவில்லை என்றார்கள். எனக்கு இரண்டாவது தரப்பே வலுவாகப் படுகிறது.

எந்த மாதிரிச் சரிவு என்பதைப் பொறுத்தும் பலன் மாறும். 2008 நெருக்கடி ஒரே வாரத்தில் வெடித்ததல்ல. 2007 கோடையிலிருந்தே சந்தை நடுங்கத் தொடங்கியிருந்ததால் அளவைக் குறைக்க அவகாசம் இருந்தது. 2020 சரிவு அமைதியிலிருந்து நேராக வந்தது. நம் ஆளின் மொத்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு, விதி விழிப்பதற்கு முந்தைய அந்த முதல் வாரத்திலேயே போய்விட்டதைக் கவனித்திருப்பீர்கள்.

20 நாட்களுக்குப் பதில் 5 நாட்களைப் பார்த்தால் சீக்கிரம் விழிக்கலாமே? விழிக்கலாம், ஆனால் ஒவ்வொரு சிறு அதிர்வுக்கும் விற்று, அடுத்த வாரமே விலை கூடியபின் வாங்க நேரும். இதற்குப் பலர் கையாளும் சமரசம், குறுகிய கால அளவு ஒன்று, நீண்ட கால அளவு ஒன்று என இரண்டையும் கணக்கிட்டு, எது பெரிதோ அதை எடுத்துக்கொள்வது. குறைப்பதில் வேகம், கூட்டுவதில் நிதானம். எஸ் அண்ட் பி நிறுவனத்தின் ‘ரிஸ்க் கன்ட்ரோல்’ குறியீடுகள் இப்படித்தான் அமைக்கப்பட்டவை.

இன்னொரு ஆபத்து அமைதிக் காலத்தில் ஒளிந்திருக்கிறது. 2017இல் எஸ் அண்ட் பி 500இன் ஏற்ற இறக்கம் சுமார் 7% மட்டுமே. 10ஐ 7ஆல் வகுத்தால் 143%. அதாவது கையில் உள்ள பணம் போதாமல், கடனிலோ ஃபியூச்சர்ஸ் வழியாகவோ கூடுதலாக வாங்கச் சொல்கிறது சூத்திரம். அடுத்த ஆண்டு பிப்ரவரி 5இல் சந்தை ஒரே நாளில் 4% விழுந்தது. அந்த அமைதியை நம்பி 143% வைத்திருக்கும் ஒருவருக்கு அப்படி ஒரு நாள் கிட்டத்தட்ட 6% இழப்பு. இதனால்தான் பெரும்பாலான திட்டங்கள் ஓர் உச்சவரம்பு வைக்கின்றன. தனிநபர் இதைச் செய்வதானால் 100%ஐத் தாண்டாமல் இருப்பதே நல்லது.

நம் ஊர் பேலன்ஸ்டு அட்வான்டேஜ் ஃபண்டுகளும் பங்கின் அளவைக் கூட்டிக் குறைப்பவைதான் என்பதால், இரண்டும் ஒன்று என்று நினைப்பவர்கள் உண்டு. அவற்றில் பல, ஆட்டத்தைப் பார்த்து அல்ல, பங்குகள் லாபத்தோடு ஒப்பிடுகையில் மலிவா விலை அதிகமா என்று பார்த்து அளவை மாற்றுபவை. வித்தியாசம் 2020 மார்ச்சில் அப்பட்டமாகத் தெரியும். நிஃப்டி 13% விழுந்த மார்ச் 23 போன்ற ஒரு நாளில் ஏற்ற இறக்க விதி விற்கச் சொல்லும். மலிவைப் பார்க்கும் விதி வாங்கச் சொல்லும்.